வேலையை விடும் ஈமெயிலில் நான் எழுதிய ஒரு வரி

கோலாலம்பூரில் பங்சார் சவுத் பக்கம் ஒரு கால் சென்டரில் நாலே முக்கால் வருடம் வேலை பார்த்தேன். விரைவுப் பேருந்து டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் முன்பதிவு செய்து தரும் ஒரு சேவைக்கான வாடிக்கையாளர் பிரிவு அது. மலாயும் ஆங்கிலமும் எல்லோரும் பேசுவார்கள். தமிழ் லைனில் மட்டும் நாங்கள் மூன்று பேர்தான். என் கணவருக்குப் பெர்த்தில் வேலை கிடைத்து மே மாதமே போய்விட்டார். நான் பின்னால் போவதாக முடிவு. ஜூலை 1ஆம் தேதி இரவு வேலையை விடுவதாக ஈமெயில் அனுப்பினேன். அதிலிருந்து கடைசிச் சம்பளம் என் கைக்கு வர நாலரை மாதத்துக்கு மேல் ஆனது. இடையில் ஏறக்குறைய 1,600 ரிங்கிட் போனது, பல இரவுத் தூக்கமும் போனது. இதில் பாதிக்கு மேல் நான் அந்த ஈமெயிலை எழுதிய விதத்தால் வந்தது. இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஈமெயிலை நான் மூன்று நாள் எழுதினேன். நல்லபடியாகப் பிரிய வேண்டும் என்ற ஆசை. என்னை வேலைக்கு எடுத்தபோது எனக்கு அனுபவமே கிடையாது. தமிழ் லைனில் ஆள் குறைந்தால் மற்ற இரண்டு பேர் எவ்வளவு கஷ்டப்படுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் உண்மையான நன்றியோடு, ஆங்கிலத்தில், இப்படி ஒரு வரி எழுதினேன்: "எனக்குப் பதிலாக வருபவர் தனியாக வேலை பார்க்கும் அளவுக்குத் தேறும் வரை அவருக்குப் பயிற்சி தர நான் தயார்." வேலையை விடும் காரணம் 'வெளிநாடு குடிபெயர்வு' என்று எழுதினேன். எந்தத் தேதியில் நாட்டை விட்டுப் போகிறேன் என்று எழுதவில்லை. கடைசி வேலை நாள் எது என்றும் எழுதவில்லை. 'ஒப்பந்தப்படி இரண்டு மாத நோட்டீஸ்' என்று மட்டும் போட்டேன். எழுதிய ஒரு வரியும் எழுதாமல் விட்ட இரண்டு தேதிகளும்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

முதலில் தேதி. நோட்டீஸ் காலம் எவ்வளவு என்பது நம் வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான். எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால்தான் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கணக்கு வரும்: இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்திருந்தால் 4 வாரம், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் என்றால் 6 வாரம், ஐந்து வருடமோ அதற்கு மேலோ என்றால் 8 வாரம். என் ஒப்பந்தத்தில் இரண்டு மாதம். அதே சட்டத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அது எனக்கு அப்போது தெரியாது: நோட்டீஸ் கொடுத்த நாளும் நோட்டீஸ் காலத்துக்குள் சேர்த்தி. அப்படியென்றால் ஜூலை 1ஆம் தேதி கொடுத்த எனக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 31. ஆனால் எச்.ஆரிலிருந்து ஏற்புக் கடிதம் ஜூலை 4ஆம் தேதி வந்தது. அவர்கள் அந்தத் தேதியிலிருந்து எண்ணி, செப்டம்பர் 3 கடைசி நாள் என்று போட்டிருந்தார்கள். மூன்று நாள்தானே, விமானம் செப்டம்பர் 6ஆம் தேதிதானே என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. தேதியை நீங்கள் எழுதாவிட்டால் அவர்கள் எழுதுவார்கள். அதனால் 'நோட்டீஸ் இன்று முதல், கடைசி வேலை நாள் இந்தத் தேதி' என்று நாளை எண்ணி நீங்களே போடுங்கள்.

அதே ஏற்புக் கடிதத்தின் கீழே இன்னொரு பத்தி இருந்தது. 'உங்கள் ஈமெயிலில் தெரிவித்தபடி, பதில் ஊழியர் தேர்ச்சி பெறும் வரை பயிற்சி அளித்த பின் நீங்கள் விடுவிக்கப்படுவீர்கள்' என்ற பொருளில் இரண்டு வரி. நான் போனில், எல்.ஆர்.டி.யில் நின்றுகொண்டே படித்தேன். மஸ்ஜித் ஜாமேக்கில் இறங்கி மாறும் அவசரத்தில் 'நன்றி, கிடைத்தது, சரி' என்று பதில் போட்டுவிட்டேன். என் வாயால் சொன்னதை அவர்கள் நிபந்தனையாக மாற்றி எழுதியிருந்தார்கள், நானும் 'சரி' என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். ஏற்புக் கடிதம் வந்தால் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். உங்கள் ஈமெயிலில் இல்லாத எதுவும் அதில் இருந்தால் அன்றைக்கே, எழுத்தில், மரியாதையாக மறுத்துவிடுங்கள். இரண்டு தரப்பும் சம்மதித்தால் நோட்டீஸைக் குறைக்கவும் முடியும், நீட்டவும் முடியும். ஒரு தரப்பு மட்டும் நீட்ட முடியாது. என் விஷயத்தில் நான் சம்மதித்ததாக எழுத்தில் இருந்தது. அதுதான் என் கையைக் கட்டியது.

ஜூலை முழுக்க ஆள் வரவில்லை. தமிழ் நன்றாகப் பேச வேண்டும், மலாயும் ஆங்கிலமும் எழுத வேண்டும், ஷிப்டுக்கு ஒத்துவர வேண்டும். இப்படி ஒருவர் கிடைப்பது லேசில்லை. எனக்கு ஒன்பது நாள் ஆண்டு விடுப்பு மிச்சம் இருந்தது. அதை ஆகஸ்ட் கடைசியில் எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டில் அம்மாவோடு இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். விண்ணப்பித்தபோது டீம் லீடர் சொன்னார்: "ஆள் வந்ததும் சொல்லிக் கொடுக்கணும், நீதானேம்மா எழுதியிருக்க? இப்ப லீவு எப்படிக் கொடுக்கிறது?" அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலிருந்து நெருக்கடி. ஆனாலும் அன்றைக்குக் கழிவறையில் போய் அழுதேன். அம்மாவோடு இருக்க நினைத்த ஒன்பது நாளும் போய்விட்டது. விடுப்பை நோட்டீஸ் காலத்துக்குள் எடுக்கப்போகிறீர்கள் என்றால் அந்தத் தேதிகளையும் முதல் ஈமெயிலிலேயே எழுதி ஒப்புதல் கேளுங்கள். பயிற்சி பற்றிய வரியும் விடுப்பு பற்றிய வரியும் ஒரே ஈமெயிலில் இருந்தால், ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பது கஷ்டம்.

புதிய பெண் ஆகஸ்ட் 11ஆம் தேதி வந்தாள். இருபத்து மூன்று வயது, கிள்ளானிலிருந்து, நல்ல பிள்ளை. கால் சென்டர் வேலை தெரியாதவர்களுக்காக அங்கே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவர் வந்தவுடன் என் பக்கத்தில் உட்கார மாட்டார். முதல் இரண்டு வாரம் வகுப்பு: என்ன சேவை, என்ன விதிமுறை, கணினியில் எந்தத் திரையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான். அதை நடத்துவது பயிற்சிப் பிரிவு. அது முடிந்த பிறகுதான் தளத்துக்கு அனுப்புவார்கள். எங்கள் பேச்சில் இதை நெஸ்டிங் என்போம், கூட்டில் வைத்து வளர்ப்பது மாதிரி. 'பயிற்சி தருகிறேன்' என்று எழுதியபோது என் மனதில் இருந்தது இந்த இரண்டாவது கட்டம் மட்டும்தான். அதற்கே அவள் ஆகஸ்ட் 25ஆம் தேதிதான் வந்து சேர்ந்தாள். செப்டம்பர் 3க்குள் எட்டு வேலை நாள்கூட இல்லை. தேறும் வரை என்றால் எத்தனை நாள்? அதை யார் முடிவு செய்வது? நான் எழுதவில்லை. அதனால் அவர்கள் முடிவு செய்தார்கள்: செப்டம்பர் 19.

நான் சண்டை போடவில்லை. கடைசி நேரத்தில் மனக்கசப்பு வேண்டாம், அனுபவச் சான்றிதழும் வேண்டும் என்று பயந்தேன். பெர்த்துக்கான விமான டிக்கெட்டை செப்டம்பர் 21க்கு மாற்றினேன், மாற்றுக் கட்டணமும் விலை வித்தியாசமும் சேர்த்து 580 ரிங்கிட். செந்தூலில் வாடகை அறையைக் காலி செய்வதாகச் சொல்லியிருந்தேன். வீட்டுக்கார அக்கா நல்லவர், அரை மாத வாடகை 300 மட்டும் வாங்கிக்கொண்டு இருக்க விட்டார். அந்த அறையில் பெட்டிகளையெல்லாம் கட்டி வைத்துவிட்டு, இரண்டே உடுப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்த அந்த இரண்டு வாரம்தான் எனக்கு ரொம்ப வலித்தது. கணவர் அங்கே ஒரு மெத்தை மட்டும் வாங்கிப் போட்டுக் காத்திருந்தார்.

பயிற்சி எப்படி நடந்தது என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் சம்பளத்திலும் அடி விழுந்தது. ஒரே போனில் இரண்டு ஹெட்செட் மாட்ட ஒரு கிளை ஒயர் உண்டு, ஆங்கில 'ஒய்' எழுத்து மாதிரி இருக்கும். முதல் சில நாள் நான் பேசுவேன், அவள் கேட்பாள். ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் ஏன் அப்படிச் சொன்னேன், எந்த முடிவுக் குறியீட்டை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று விளக்க வேண்டும். பிறகு அவள் பேசுவாள், நான் கேட்பேன். தேவைப்பட்டால் ஒரு தாளில் எழுதிக் காட்டுவேன். கடைசியில் அவள் தனியாகப் பேச, நான் எழுந்து நடமாடிக்கொண்டே கூப்பிட்ட நேரத்தில் மட்டும் போவேன்.

தமிழ் லைனில் சொல்லிக் கொடுக்க வேண்டியது கையேட்டில் இல்லாத விஷயம். நம் ஆட்கள் போன் செய்தால் பாதி மலாயில்தான் சொல்வார்கள். ஒரு நாள் ஒரு பெரியவர் கூப்பிட்டார். "தாயி, டிக்கெட்டை நான் பாத்தால் பண்ணிட்டேன், காசு இன்னும் வரலை" என்றார். 'பாத்தால்' என்றால் மலாயில் ரத்து. அந்தப் பெண் வகுப்பில் படித்தபடி 'ரத்து கோரிக்கை' என்ற பக்கத்தைத் திறக்கப் போனாள். நான் அவள் கையைத் தொட்டு நிறுத்தினேன். அவர் ரத்து செய்யச் சொல்லவில்லை, ஏற்கெனவே செய்துவிட்டார், பணம் எங்கே என்று கேட்கிறார். முதலில் 'பணம் திரும்பல்' பக்கத்தில் நிலையைப் பார்க்க வேண்டும். பார்த்தால், வங்கிக்கு அனுப்பி நாலு நாள் ஆகியிருந்தது. "ஐயா, பணம் பேங்குக்குப் போயிருச்சு" என்று அவள் சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது. இந்த மாதிரி முப்பது நாற்பது அழைப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் ஒருவருக்குக் காது பழகும். கேட்பது மூன்று நாள், பேசுவது நாலு நாள், தனியாக மூன்று நாள். பத்து வேலை நாள் இருந்தால் போதும் என்பது என் அனுபவம். அந்தக் கணக்கை ஜூலையிலேயே போட்டிருக்க வேண்டும்.

இனி அந்த அடி. எங்களுக்கு அடிப்படைச் சம்பளமும் மொழிப்படியும் சேர்த்து 3,400 ரிங்கிட். அதற்கு மேல் மாதம் 350 ரிங்கிட் ஊக்கத்தொகை. ஒரு அழைப்புக்குச் சராசரியாக எத்தனை நிமிடம் எடுக்கிறோம், அட்டவணைப்படி போனில் தயாராக இருக்கிறோமா, தர மதிப்பெண் எவ்வளவு என்று மூன்றையும் பார்த்துத்தான் அதைத் தருவார்கள். ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் ஐந்து நிமிடம் விளக்கினால் சராசரி என்ன ஆகும்? மூன்று நிமிடம் சொச்சம் இருந்தது ஏழைத் தாண்டியது. போனில் நம் நிலையைக் காட்ட இடைவேளை, கூட்டம், பயிற்சி என்று தனித்தனிக் குறியீடுகள் இருக்கின்றன. பயிற்சிக் குறியீட்டில் இருந்தால் அந்த நேரம் நம் கணக்கில் சேராது. ஆனால் அதைப் போட அட்டவணைப் பிரிவு முன்கூட்டியே நேரம் ஒதுக்க வேண்டும். எனக்கு யாரும் ஒதுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அழைப்புக்குப் பிந்தைய வேலை என்ற குறியீட்டிலேயே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாத ஊக்கத்தொகையும் போனது, 700 ரிங்கிட். ஆகஸ்டில் அது கடைசி ஒரு வாரம்தான், ஆனால் சராசரி ஏற ஒரு வாரமே போதுமாக இருந்தது. பயிற்சி தர ஒப்புக்கொண்டால் தினமும் எத்தனை மணி நேரம் போனிலிருந்து விடுவிப்பார்கள், அது எந்தக் குறியீட்டில் பதிவாகும் என்று டீம் லீடரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். முதல் நாளே வாங்குங்கள், மாதக் கடைசியில் கேட்டால் பழைய பதிவை மாற்ற மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது பணத்தைவிடப் பெரிய பயத்தைக் கொடுத்தது. அவளுக்குக் கணினியில் சொந்த நுழைவுப் பெயர் வர நாலு நாள் தாமதம். "உன்னோடதைப் போட்டுக் கொடும்மா, பழகட்டும்" என்றார் டீம் லீடர். கொடுத்தேன். மூன்றாம் நாள் நான் சாப்பிடப் போயிருந்தபோது திரை உறைந்து நின்றிருக்கிறது. அவள் இரண்டாவது தடவை பொத்தானை அழுத்தியதில் ஒரே வாடிக்கையாளருக்கு 186 ரிங்கிட் இரண்டு முறை திரும்பிப் போய்விட்டது. பதிவில் இருந்தது என் பெயர். கடைசி வாரத்தில் என்னை அறைக்குள் கூப்பிட்டு விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார்கள். கை நடுங்கியது. அந்தப் பெண் தானாகவே வந்து "அக்கா மேல தப்பு இல்லை, நான்தான் அழுத்தினேன்" என்று சொன்னதாலும், அந்த நேரத்தில் நான் உணவு இடைவேளைக் குறியீட்டில் இருந்தது போன் பதிவில் தெரிந்ததாலும் தப்பித்தேன். அவளை நான் மறக்க மாட்டேன். ஆனால் நுழைவுப் பெயரையும் கடவுச்சொல்லையும் யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். சொந்த நுழைவு வரும் வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், கேட்கட்டும், அது போதும்.

இப்போது வருமான வரி. இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை. மலேசியாவில் வேலை பார்க்கும் ஒருவர் மூன்று மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போகப்போகிறார் என்றால், முதலாளி CP21 என்ற படிவத்தில் வருமான வரி வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். புறப்படும் நாளுக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் அனுப்ப வேண்டும். அதோடு, நமக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். வாரியம் வரித் தீர்வுக் கடிதம் கொடுக்கும் வரை, அல்லது படிவம் கிடைத்ததிலிருந்து 90 நாள் முடியும் வரை, இதில் எது முந்தியோ அதுவரை. இது கம்பெனி தன் இஷ்டத்துக்குச் செய்வது இல்லை, சட்டம். செய்யாவிட்டால் அபராதம் அவர்களுக்கு. அதனால் 'என் சம்பளத்தை ஏன் பிடித்தீர்கள்' என்று எச்.ஆரிடம் கோபப்பட்டுப் பயன் இல்லை. நம்மால் செய்ய முடிவது, அந்த 90 நாள் கடிகாரத்தைச் சீக்கிரம் ஓட வைப்பதும், கடிதம் சீக்கிரம் வருமாறு பார்த்துக்கொள்வதும்தான்.

எனக்கு இரண்டிலும் பிசகியது. படிவத்தில் புறப்படும் தேதி கேட்கும். என் ஈமெயிலில் தேதி இல்லை. நோட்டீஸ் கொடுத்த முதல் மாதமே அனுப்பியிருக்க வேண்டிய படிவத்தை, நான் புது டிக்கெட்டைக் காட்டிய பிறகு செப்டம்பர் 8ஆம் தேதிதான் அனுப்பினார்கள். அவர்களும் கேட்டிருக்கலாம்தான். ஆனால் கேட்கவில்லை. ஜூலையில் அனுப்பியிருந்தால் நான் விமானம் ஏறும் முன்பே எல்லாம் முடிந்திருக்க வாய்ப்பு இருந்தது.

அடுத்து, நான் ஒரு வருடத்துக்கான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யவே இல்லை. என் சம்பளத்துக்கு வரி வராது, அதனால் தாக்கல் செய்ய வேண்டாம் என்று நினைத்திருந்தேன். இது நம்மில் பலர் செய்யும் தப்பு. சேமநிதிப் பிடித்தம் போக வருட வருமானம் 34,000 ரிங்கிட்டைத் தாண்டினால் கணக்குக் காட்ட வேண்டும். என் கணக்கைப் பாருங்கள், ஊக்கத்தொகையைச் சேர்க்காமல்: மாதம் 3,400 என்றால் வருடத்துக்கு 40,800. சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 4,488 போனால் 36,312. வரம்புக்கு மேல். ஆனால் வரி எவ்வளவு? தனிநபர் கழிவு 9,000, சேமநிதிக்கான கழிவு 4,000 போக 27,800. முதல் 20,000க்கு 150 ரிங்கிட், மீதி 7,800க்கு 3 விழுக்காடு 234, ஆக 384. வரிக்குரிய வருமானம் 35,000க்குள் இருந்தால் 400 ரிங்கிட் தள்ளுபடி. அந்தச் சம்பளத்துக்கு மட்டும் என்றால் வரி ஒரு சென்கூட இல்லை. கட்ட வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லாத அந்த ஒரு வருடக் கணக்கு இல்லாததால்தான் கடிதம் நின்றது. பெர்த்தில் உட்கார்ந்துகொண்டு, பழைய சம்பளச் சான்றை எச்.ஆரிடம் கெஞ்சி வாங்கி, இணையத்தில் தாக்கல் செய்து, நாட்டை விட்டு வந்த ஆண்டின் கணக்கையும் கொடுத்து முடித்தேன். கடிதம் நவம்பர் 12ஆம் தேதி வந்தது, பணம் 20ஆம் தேதி வந்தது.

அந்தப் பணம் எவ்வளவு என்றால், செப்டம்பரில் வேலை செய்த 19 நாளுக்கு 2,153 ரிங்கிட், எடுக்க விடாத ஒன்பது நாள் விடுப்புக்கு மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 1,177. பிடித்தங்களுக்கு முன் 3,330 ரிங்கிட். பெர்த்தில் வீட்டுக்கு முன்பணம் கட்ட அதைத்தான் நம்பியிருந்தோம். அது வராததால் கணவரின் நண்பர் ஒருவரிடம் கைமாற்று வாங்கினோம். புது ஊரில் வந்திறங்கிய முதல் மாதமே கடன் கேட்பது எவ்வளவு கூச்சம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். வெளிநாடு போகிறவர்கள் கடைசி மாதச் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காமல் மூன்று மாதத்துக்கான கைக்காசை ஒதுக்கி வையுங்கள். நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே வரி வாரியத்தின் இணையப் பக்கத்தில் நுழைந்து, ஒவ்வொரு வருடக் கணக்கும் தாக்கல் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. இன்னொன்று, பலர் என்னிடம் கேட்கிறார்கள்: வெளிநாடு போனால் சேமநிதியை எடுக்கலாமா என்று. குடியுரிமையை விட்டுக் கொடுத்தால்தான் நாட்டை விட்டுப் போவதற்காக முழுவதையும் எடுக்க முடியும். வேலைக்காகவோ குடும்பத்துக்காகவோ போகிற நமக்கு அந்த வழி இல்லை. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இன்று எழுதினால் அந்த ஈமெயிலை எப்படி எழுதுவேன் என்று பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"என் பணியிலிருந்து விலகுகிறேன். ஒப்பந்தப்படி இரண்டு மாத நோட்டீஸ் இன்று ஜூலை 1 தொடங்குகிறது. என் கடைசி வேலை நாள் ஆகஸ்ட் 31. குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேற செப்டம்பர் 6ஆம் தேதி மலேசியாவை விட்டுப் புறப்படுகிறேன். எனவே CP21 படிவத்தை இந்த மாதத்துக்குள் அனுப்பி, அதன் நகலை எனக்குத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். மீதமுள்ள ஒன்பது நாள் ஆண்டு விடுப்பை ஆகஸ்ட் 18 முதல் எடுக்க ஒப்புதல் வேண்டுகிறேன். எனக்குப் பதிலாக வருபவருக்கு ஆகஸ்ட் 15க்குள் பத்து வேலை நாள், நாளுக்கு நாலு மணி நேரம், தளத்தில் நேரடிப் பயிற்சி தர விரும்புகிறேன். அந்த நேரம் பயிற்சிக் குறியீட்டில் பதிவாக வேண்டும், வருபவருக்குச் சொந்த நுழைவுப் பெயர் இருக்க வேண்டும். அதற்குள் ஆள் வராவிட்டால், தமிழ் லைன் பற்றிய குறிப்பேட்டை எழுதி என் டீம் லீடரிடம் ஒப்படைப்பேன். இந்தப் பயிற்சியால் என் கடைசி வேலை நாள் மாறாது."

கடைசி வரியை எழுதும்போது கடுமையாகத் தோன்றும். தோன்றட்டும், எழுதுங்கள். நன்றி சொல்ல இன்னொரு பத்தி இருக்கிறது, அதில் மனம் நிறையச் சொல்லிக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றை நாமாக முன்வந்து தருகிறோம். எவ்வளவு தருகிறோம் என்று சொல்லும் உரிமையும் நமக்குத்தான்.

குறிப்பேடு என்று சொன்னேனே, அதை நான் உண்மையிலேயே எழுதினேன், ஆனால் செப்டம்பரில்தான். இருபத்து இரண்டு பக்கம். வாடிக்கையாளர்கள் சொல்லும் சொற்களும் அவற்றுக்கு நாம் திறக்க வேண்டிய திரைகளும் ஒரு பகுதி. தைப்பூசம், தீபாவளி நேரத்தில் எந்த மாதிரி அழைப்பு குவியும் என்பது ஒரு பகுதி. எப்போது மேலதிகாரிக்கு மாற்ற வேண்டும், எப்போது நாமே முடிக்கலாம் என்பது ஒரு பகுதி. அதை ஜூலையிலேயே எழுதியிருந்தால், ஆள் தாமதமாக வந்தாலும் என் தேதியில் நான் புறப்பட்டிருக்கலாம். நோட்டீஸ் கொடுத்த மறுநாளே, ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு பக்கம் என்று தொடங்குங்கள். வாடிக்கையாளர் பெயர், போன் எண், அட்டை எண் எதையும் அதில் எழுதாதீர்கள், கம்பெனிக் கோப்பு எதையும் உங்கள் சொந்த ஈமெயிலுக்கு அனுப்பாதீர்கள். விடைபெறும் நேரத்தில் அது பெரிய வம்பாகிவிடும்.

புறப்படுவதற்கு முன் நான் சரியாகச் செய்தது ஒன்று உண்டு. சம்பளம் வரும் வங்கிக் கணக்கையும் மலேசிய கைப்பேசி எண்ணையும் மூடவில்லை. எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போகலாம் என்று கணவர் சொன்னார், வீட்டுக்கார அக்காதான் வேண்டாம் என்றார். கடைசிச் சம்பளம் அந்தக் கணக்குக்குத்தான் வந்தது. வங்கியின் சரிபார்ப்பும் பழைய எண்ணை வைத்துத்தான். நவம்பர் 20ஆம் தேதி காலை அந்தப் பழைய போன் ஒலித்தபோது பெர்த்தில் மணி பத்தரை. பெர்த்தும் கோலாலம்பூரும் ஒரே நேரம், அதனால் கிள்ளான் பெண் அப்போது ஷிப்டில் இருந்திருப்பாள். பணம் வந்துவிட்டது என்று அவளுக்கும் ஒரு வரி அனுப்பினேன். மதியம் பதில் வந்தது: "அக்கா, இன்னைக்கு ஒரு தாத்தா 'பாத்தால்'னு சொன்னாரு. நேரா பணம் திரும்பல் பக்கத்துக்குத்தான் போனேன்."